கத்தரிக்கோல் வேண்டாம், அம்மா!



சில ஆண்டுகளுக்கு முன் செப்டம்பர் மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு நண்பகல். திருச்சியிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தூரத்தை ஆறு நாள்களில் நடந்து கடந்த எங்கள் பங்கின் திருப்பயணிகள், அன்று காலையில்தான் வேளாங்கண்ணியை அடைந்திருந்தனர். கடலில் நீராடியவர்கள் ஒருபுறம், களைத்துப் படுத்தவர்கள் ஒருபுறம் எனத் தங்கும் கொட்டகை நிறைந்திருந்தது. அப்போது தாய் ஒருவர் என்னிடம் வந்து, "சாமி, மருந்துப் பெட்டியில கத்தரிக்கோல் இருக்குங்களா?" என்று கேட்டார்.

காலில் கொப்புளம் கண்டு கட்டுத்துணி வெட்டக் கேட்கிறார் என்றே எண்ணினேன். ஆனால் அவர் பின்னால் பதின்மூன்று வயதுப் பெண்ணொருத்தி துண்டால் தலையை மூடிக்கொண்டு விம்மி நின்றாள். துண்டை விலக்கிப் பார்த்தபோது, இடுப்பளவு நீண்ட கூந்தல் பிடரிக்குக் கீழே தேங்காய் நார்க் கயிறு போலத் திரண்டு கட்டியாகிக் கிடந்தது.

"முடி கொடுப்பதாக நேர்ச்சையா, அம்மா?" என்று வினவினேன்.

"நேர்ச்சையெல்லாம் இல்லீங்க சாமி. சிக்கு எடுபடவே மாட்டேங்குது. தோளோட வெட்டிடலாம்னு பாக்குறேன்."

அன்னையின் திருத்தலத்தில் தலைமுடியைக் காணிக்கையாக்குவோர் பலர். மனமுவந்து கொடுப்பது அவர்களது விருப்பம், அது மதிப்பிற்குரியது. ஆனால் இந்தச் சிறுமி எதையும் கொடுக்க வரவில்லை. வழியில் நேர்ந்த தவற்றால் தன் கூந்தலை இழக்க நின்றாள். கத்தரிக்கோலை எடுக்க என் கை எழவில்லை. அதற்குள் எங்கள் குழுவில் வந்திருந்த மூதாட்டி ஒருவர், "கொஞ்சம் பொறுங்க சாமி. என்கிட்ட விடுங்க. சாயங்காலத்துக்குள்ள பிரிச்சுக் காட்டுறேன்" என்று முன்வந்தார்.

அவர் சொன்னபடி பிரித்தும் காட்டினார். அன்று அவரிடமும், எங்களோடு நடந்துவந்த வேதியியல் ஆசிரியையான அருட்சகோதரி ஒருவரிடமும் நான் கற்றுக்கொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன். இவ்வாண்டு நடைப்பயணத்திற்குப் பெண்மக்களை அனுப்பும் இல்லங்களுக்கு இது பயன்படும்.

நடந்தது என்ன?

கூந்தல் ஒரே நாளில் கயிறாகிவிடவில்லை. அந்தத் தாயிடம் கேட்டபோது முழு வரலாறும் வெளிவந்தது.

முதல் நாள் இரவு, சாலையோரத்து ஆழ்துளைக் கிணற்றடியில் சிறுமிக்குத் தலைக்குக் குளிப்பாட்டியிருக்கிறார். புழுதி போக வேண்டும் என்று சீயக்காய் சோப்பை நன்றாகத் தேய்த்தார். நுரை வரவில்லை, ஆகவே இன்னும் தேய்த்தார். முடி உலர்ந்தபின் பிசுபிசுத்தது. அழுக்குப் போகவில்லை என்று எண்ணி, மறுநாள் வேறோர் இடத்தில் மீண்டும் சோப்புப் போட்டார். பிசுபிசுப்பு மிகுந்தது. விடியற்காலையில் நடக்கத் தொடங்க வேண்டுமே என்ற அவசரத்தில் ஈரத்தலையையே பின்னி, ரப்பர் வளையத்தால் இறுக்கிவிட்டார். தஞ்சாவூரில் வாங்கிச் சூட்டிய கனகாம்பரம் இரவிலும் தலையிலேயே கிடந்து நசுங்கிப் பின்னலோடு ஒட்டிக்கொண்டது. திருவாரூரைக் கடந்தபின் கிடைத்த தண்ணீர் வாயில் வைத்தாலே கரித்தது. அதிலும் ஒருமுறை சோப்பு. இறுதியாக ஆறாம் நாள் காலை, அவிழ்க்காத பின்னலோடு கடலில் முழுக்கு.

ஒவ்வொன்றும் தாய் அன்போடு செய்த செயலே. ஆனால் முதற்பிழை நீரில் இருந்தது. அதை அறியாமல் அவர் சோப்பால் சரிசெய்ய முயன்றார். மருந்தே நோயை வளர்த்தது.

நீரின் குணம்

அருட்சகோதரி அன்று மாலை இரண்டு கண்ணாடிப் புட்டிகளை வரவழைத்தார். ஒன்றில் கேனில் வாங்கிய குடிநீர். மற்றொன்றில் கொட்டகைக் குழாய் நீர். இரண்டும் கால்புட்டி அளவு. ஒவ்வொன்றிலும் பட்டாணி அளவு குளியல் சோப்பைச் சீவிப் போட்டு, மூடி, பதினைந்து முறை குலுக்கினார். முதற்புட்டியில் விரலளவு நுரை எழுந்து நின்றது. அடியில் நீர் ஓரளவு தெளிவாக இருந்தது. இரண்டாவதில் நுரை எழவில்லை. நீர் பால்போல் வெளுத்து, திரிந்த தயிர் போன்ற வெண்துகள்கள் மிதந்தன.

"சாமி, அந்தப் பிள்ளையின் தலையில் இருப்பது இந்தத் துகள்தான்" என்றார் அவர்.

விளக்கம் எளியது. நிலத்தடி நீர் பாறையையும் மண்ணையும் ஊடுருவி வரும்போது சுண்ணச் சத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. இதையே கடின நீர் என்கிறோம். சோப்பு இவற்றோடு சேர்ந்தவுடன், நீரில் கரையாத புதியதொரு பிசினாக மாறிவிடுகிறது. அழுக்கை நீக்க வேண்டிய சோப்பே அழுக்காகி முடியின்மேல் படிகிறது. முடியின் மேற்புறம் மீன் செதில் போன்ற நுண்ணிய ஓடுகளால் ஆனது. அவற்றின்மேல் இப்பிசின் படியும்போது ஓர் இழை மற்றோர் இழையோடு வழுக்கிச் செல்லாமல் ஒட்டிக்கொள்கிறது. சிக்கின் தோற்றம் இதுவே. எவ்வளவு சோப்பு மிகுதியோ அவ்வளவு பிசினும் மிகுதி.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. அந்தத் தாய், "நான் போட்டது சீயக்காய்தானே!" என்று வாதாடினார். அவர் போட்டது சீயக்காய் சோப்பு. பெயரில் சீயக்காய் இருப்பினும், அது சோப்பாகவே இருந்தால் கடின நீரில் மற்றச் சோப்புகளைப் போலவே திரியும். சீயக்காய்த் தூள் அப்படியன்று. அதன் நுரைக்குக் காரணமான பொருள் வேறு இனத்தது. சுண்ணத்தோடு சேர்ந்து திரிவதில்லை. பூந்திக்கொட்டையின் நுரையும் அத்தகையதே. பாக்கெட்டில் வரும் ஷாம்பூவும் கடின நீரில் திரியாது. ஆகவே ஷாம்பூ பயன்படுத்துவோர் அதையே பயன்படுத்தலாம். அளவோடு பயன்படுத்தினால் போதும். அதை முற்றிலும் அலசி எடுக்க நீர் சற்று மிகுதியாக வேண்டும் என்பதை மட்டும் நினைவில் கொள்க.

கடினம் வேறு, உப்பு வேறு என்பதையும் அறிய வேண்டும். நாகப்பட்டினக் கடற்கரையை நெருங்க நெருங்கப் பல இடங்களில் நிலத்தடி நீரில் உப்பும் கூடுகிறது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது கடல்நீர் புகுந்து கிணறுகள் உவர்ந்துபோனதையும் அப்பகுதி மக்கள் மறக்கவில்லை. உப்பு நீரில் அலசிய முடி வெயிலில் உலரும்போது விறைப்பாக நிற்கும். மாலையில் கடற்காற்றின் ஈரத்தை அந்த உப்பு உறிஞ்சிக்கொள்வதால் மீண்டும் நசநசக்கும். பகலில் விறைப்பு, மாலையில் நசநசப்பு என்றால் உப்பு. சீப்பின் பற்களில் சாம்பல் கலந்த வெண்பிசின் ஒட்டினால் சோப்புப் பிசின். இந்த இரண்டு அடையாளங்களும் போதும்.

தண்ணீரைக் காய்ச்சினால் நல்லதாகிவிடாதா என்று சிலர் கேட்பர். கடினத்தில் ஒரு பகுதி காய்ச்சினால் படியும்; பாத்திரத்தின் அடியில் வெண்படலமாக நாம் காண்பது அதுவே. மற்றொரு பகுதி படியாது. உப்போ சிறிதும் நீங்காது. படிகாரம் கலங்கலைத் தெளிய வைக்கும். அது கடினத்தை நீக்காது. நடைவழியில் விறகும் நேரமும் செலவழித்து நீரைத் திருத்துவதைவிட, நல்ல நீர் கிடைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை.

எந்த நாளில், எந்த நீரில்?

அந்த ஆண்டிற்குப் பின் எங்கள் குழுவில் ஓர் ஒழுங்கு ஏற்பட்டது. ஆறு நாளில் ஒரே ஒரு நாள்தான் தலைக்குக் குளியல். மற்ற நாள்களில் கூந்தலை உயர்த்திக் கட்டிக்கொண்டு கழுத்துக்குக் கீழே மட்டும் குளிப்பது. வியர்வையும் புழுதியும் மிகுந்த நாளில், நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் வகிட்டையும் நெற்றி ஓரத்தையும் துடைத்துக்கொள்வது. ஆறு நாளில் ஒரு முழுக்கு என்றால் முதலில் பெண்கள் முகம் சுளித்தனர். ஆனால் கழுவாத தலையைவிடக் கெட்ட நீரில் கழுவிய தலையே தொல்லை தரும் என்பதை அவர்களே கண்டனர்.

அந்த ஒரு நாளைப் பயணத்தின் நடுவில், தஞ்சாவூருக்கும் நீடாமங்கலத்துக்கும் இடையே வைத்துக்கொள்கிறோம். மேட்டூர் அணை திறந்து காவிரி நீர் பாயும் ஆண்டுகளில், ஆகஸ்டு இறுதியில் இப்பகுதியின் ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் நீர் ஓடும். கலங்கலாக இருந்தாலும் ஆற்று நீர் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று நீரைவிட மென்மையானது. ஊராட்சிக் குழாயில் சில இடங்களில் நல்ல நீர் வரும். எதுவாயினும் முதலில் புட்டிச் சோதனை. அதற்குச் சாதாரணக் குளியல் சோப்பையே பயன்படுத்த வேண்டும். ஷாம்பூவைப் போட்டால் எந்த நீரிலும் நுரை எழுந்து நம்மை ஏமாற்றிவிடும்.

உப்பையும் அறிய விரும்பினால், துடைத்த எவர்சில்வர் தட்டில் ஒரு கரண்டி நீரை ஊற்றி வெயிலில் வையுங்கள். வற்றியபின் தட்டில் தடித்த வெள்ளை வளையம் நின்றால் அந்த நீரில் தலைக்குக் குளிக்க வேண்டாம்.

வாய்க்காலில் இறங்கிக் குளிப்பதை மட்டும் நான் அனுமதிப்பதில்லை. காலில் கொப்புளம் உடைந்து புண்ணாகியிருக்கும். எலிச் சிறுநீர் கலந்த நீர் அந்தப் புண்ணில் படுவதால் எலிக்காய்ச்சல் வரக்கூடும். வாளியில் முகந்து, கரையில் நின்று ஊற்றிக்கொள்ளலாம். சாக்கடை கலக்கும் இடத்து நீரைத் தொடவே கூடாது.

நேரமும் முக்கியம். நாங்கள் அதிகாலை மூன்று மணிக்கு நடக்கத் தொடங்கி, வெயில் ஏறும் ஒன்பது மணிக்கு ஓரிடத்தில் தங்கி, மாலை நான்கு மணிக்கு மீண்டும் புறப்படுவோம். தங்கியவுடன் தலைக்குக் குளித்தால், கூந்தல் உலர ஐந்தாறு மணி நேரம் இருக்கும். இரவில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு படுத்தால் பிடரியில் சிக்கு விழும். மறுநாள் நாற்றமும் அரிப்பும் தொடங்கும்.

குளிக்கும் முறை

மூதாட்டி கற்பித்த முறையை அப்படியே தருகிறேன். இடுப்பளவுக் கூந்தலுக்கு இது அளவு.

முந்தைய இரவே இரண்டு தேக்கரண்டி தேங்காயெண்ணெயை முடியின் நடுப்பகுதியிலிருந்து நுனிவரை தடவி, தளரப் பின்னிவிட வேண்டும். இது பழைய வழக்கம் மட்டுமன்று. தேங்காயெண்ணெய் முடிக்குள்ளேயே ஊடுருவி, கழுவும்போது முடி தன் புரதத்தை இழப்பதைக் குறைக்கிறது என்று இந்திய ஆய்வாளர்கள் 2003-ஆம் ஆண்டில் எழுதியுள்ளனர். அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்த கனிம எண்ணெய்க்கும் சூரியகாந்தி எண்ணெய்க்கும் அந்தக் குணம் காணப்படவில்லை. ஆனால் எண்ணெய் வழியும்படி பூசினால் சாலைப் புழுதி முழுவதும் அதில் படியும். பிறகு அதைப் போக்கவே பாடுபட வேண்டும்.

மறுநாள் இரண்டு மேசைக்கரண்டி சீயக்காய்த் தூளைக் கைக்குட்டை அளவான பழைய வேட்டித் துணியில் முடிந்து, ஒரு குவளை நீரில் ஊறப்போடுங்கள். வெந்நீராயின் பத்து நிமிடம், தண்ணீராயின் அரைமணி. துணியைக் கசக்கிப் பிழிந்தால் சாறு மட்டும் இறங்கும். தூளை நேராகத் தலையில் போட்டால், அதன் திப்பி முடிக்குள் தங்கிவிடும். வீட்டில் இரண்டு வாளி நீர் ஊற்றி அலசுவதுபோல் வழியில் அலச முடியாது.

முதலில் பின்னலை அவிழ்த்து, உலர்ந்த முடியிலேயே சிக்கெடுத்துவிட வேண்டும். மூன்று குவளை நீரால் நனைத்து, சாற்றைத் தலைத்தோலில் மட்டும் ஊற்றி விரல்நுனியால் தேயுங்கள். கூந்தலைச் சுருட்டி உச்சியில் குவித்துக் கசக்குவது கூடாது. சிக்கு அங்கேதான் பிறக்கிறது. சாறு கீழே வழியும்போதே நீண்ட முடி தூய்மையாகிவிடும். கண்ணில் படாமல் தலையைப் பின்னால் சாய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பின்பு ஆறேழு குவளை நீரால் அலசினால் போதும். மொத்தம் அரைவாளிக்குச் சற்று மேல்.

நீர் ஐயத்துக்கு இடமானதாயின் கடைசியில் ஒரு படி சேர்த்துக்கொள்ளலாம். ஒரு லிட்டர் குடிநீரில் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, விதை நீக்கி, கூந்தலின் மேல் மெல்ல ஊற்றி ஒரு நிமிடம் கழித்து மீண்டும் ஒரு குவளை நல்ல நீரால் அலசுங்கள். எலுமிச்சையின் புளிப்பு, படிந்த பிசினை இளக்கிவிடும். அதை அலசாமல் வெயிலில் போகக் கூடாது. எலுமிச்சைச் சாறு பட்ட தோல் வெயிலில் வெந்து கறுத்துவிடும். தலையில் புண் இருந்தாலும் எலுமிச்சை வேண்டாம்.

ஈரத்தைத் துண்டால் அடித்துத் தட்டுவதை விட்டு, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். ஈர முடி இழுபட்டு எளிதில் அறும். பாதிக்கு மேல் உலர்ந்தபின் அகன்ற பற்சீப்பால், நுனியில் தொடங்கி மேல்நோக்கி வாருங்கள். முழுதும் உலர்ந்த பின்னரே பின்னல்.

இவ்வளவிற்கும் ஒருவருக்கு வேண்டிய பொருள்கள் ஒரு சிறு பையில் அடங்கும். ஐம்பது மில்லி தேங்காயெண்ணெய், இருமுறைக்கான சீயக்காய்த் தூள், ஓர் எலுமிச்சம்பழம், அகன்ற பற்சீப்பு, பேன்சீப்பு, வேட்டித் துணித் துண்டு, இரண்டு முழம் நாடா. ரப்பர் வளையம் முடியைக் கவ்வி அறுக்கும்; நாடாவே நல்லது.

நடக்கும்போதும் உறங்கும்போதும்

நடக்கும் நாள்களில் ஒற்றைப் பின்னலைவிட இரட்டைப் பின்னல் சிறந்தது. ஒற்றைப் பின்னல் முதுகில் தொங்கும் பையோடு உராய்ந்து அதன் நடுப்பகுதியில் சிக்காகும். இரண்டாகப் பின்னி, மடித்துக் கட்டி, மேலே பருத்தித் துணியால் மூடிக்கொண்டால் புழுதியும் வெயிலும் குறையும். தினமும் தங்குமிடத்தில் ஒருமுறை அவிழ்த்து, உள்ளங்கையில் நாலைந்து துளி எண்ணெய் தேய்த்து நுனியில் தடவி, சிக்கெடுத்து மீண்டும் பின்ன வேண்டும். ஒரு நாள் சிக்கை விரலால் எடுக்கலாம். மூன்று நாள் சிக்கு மூன்று மணி நேரம் கேட்கும். பூவை இரவில் களைந்துவிடுங்கள்.

கொட்டகையில் வரிசையாகப் படுக்கும்போது பேன் தொற்றுவதும் உண்டு. பேன் பறக்காது, தாவாது. தலையோடு தலை தொடும்போது ஊர்ந்து செல்லும். ஆகவே பின்னலைத் துணியால் மூடிக்கொண்டு, சீப்பைப் பிறருக்குக் கொடாமல் இருப்பது நலம். இல்லம் திரும்பியவுடன் ஈர முடியில் எண்ணெய் தடவிப் பேன்சீப்பால் வாரிப் பாருங்கள். ஈர் பொரிக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். எனவே ஒருமுறை வாரி நிறுத்தாமல், மூன்று நான்கு நாளுக்கொரு முறை இரண்டு வாரமேனும் தொடர வேண்டும்.

வேளாங்கண்ணியில் கடலாடுவோர்க்கு ஒரு சொல். அலையில் இறங்குமுன் ஒரு குவளை நல்ல நீரால் தலையை நனைத்து, எண்ணெய் தொட்டு, பின்னிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே நல்ல நீரைக் குடித்த முடி, உப்புநீரைக் குறைவாகவே ஏற்கும். கரையேறியதும் மணல் உதிர்த்துப் பின்னலை அவிழ்த்து, இரண்டு லிட்டர் நல்ல நீரால் வெறுமனே அலசுங்கள். கடல்நீர் இருக்கும் தலையில் சோப்பைப் போடவே கூடாது; கடல்நீரை விடக் கடினமான நீரை நம் வழியில் எங்கும் காண மாட்டோம்.

பின்னல் பிரிந்த கதை

இனி அந்தச் சிறுமியிடம் திரும்புவோம். மூதாட்டி அவளை வேப்பமர நிழலில் அமர்த்தினார். "இந்தத் தண்ணியில இனிமே ஒரு சொட்டு படக்கூடாது" என்பதே அவரது முதற்கட்டளை. குழுவினரிடம் கேட்டுப் பெற்ற ஏறத்தாழ நூறு மில்லி தேங்காயெண்ணெயை, கட்டியான பகுதி முழுவதும் ஊறும்படி தடவினார். அரைமணி நேரம் எதுவும் செய்யவில்லை. ரப்பர் வளையத்தை இழுக்காமல், என் கத்தரிக்கோலால் அந்த வளையத்தை மட்டும் நறுக்கினார். அன்று கத்தரிக்கோலுக்குக் கிடைத்த வேலை அது ஒன்றே.

பிறகு கட்டியின் அடிநுனியிலிருந்து தொடங்கினார். இடக்கையால் சிக்குக்கு மேலே முடியை இறுகப் பற்றிக்கொண்டதால் இழுப்பு தலைத்தோலை எட்டவில்லை. வலக்கை விரல்களால் ஒரு சமயத்தில் பத்துப் பதினைந்து இழைகளாகப் பிரித்தார். விரல் நுழைய மறுத்த இடத்தில் சீப்பின் ஓரப் பல் ஒன்றை மட்டும் செலுத்தி நெகிழ்த்தினார். பிரிந்த முடியைத் தனியே நாடாவில் கட்டி ஒதுக்கிக்கொண்டே சென்றார். காய்ந்த கனகாம்பர இதழ்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. சீப்பில் சாம்பல் நிறப் பிசின் திரண்டபோதெல்லாம் துணியில் துடைத்துக்கொண்டார்.

மூன்று மணி நேரம் கடந்தது. பிரிக்கவே இயலாத சுண்டுவிரல் அளவுச் சிக்கு ஒன்று மட்டும் அறுந்து வந்தது. பின்பு கேன் குடிநீரில் எலுமிச்சை பிழிந்து ஊற்றி, யாரோ கொடுத்த சீயக்காய்ச் சாற்றால் இருமுறை கழுவி, மீண்டும் குடிநீரால் அலசினார். குடிக்கும் நீரைத் தலையில் ஊற்றுகிறார்களே என்று சிலர் முணுமுணுத்தனர். நான் இன்னொரு கேன் வாங்கி வைத்தேன்.

மாலையில் ஆலய மணி ஒலித்தபோது அந்தப் பெண் இரட்டைப் பின்னலோடு எழுந்து நின்றாள். முடி சற்று மெலிந்திருந்தது. அங்கங்கே அறுந்த நுனிகள் சிலிர்த்து நின்றன. அதை மறைப்பானேன்? சேதம் சேதமே. ஆனால் நீளம் தப்பியது. அந்தத் தாய் மூதாட்டியின் கைகளைப் பற்றிக்கொண்டு பேச்சற்று நின்றார்.

மறு ஆண்டும் அச்சிறுமி நடந்துவந்தாள். நீடாமங்கலத்தை நெருங்கும்போது திரும்பிப் பார்த்தேன். குழாயடியில் நான்கைந்து சிறுமியர் சூழ, ஒரு புட்டியில் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தாள். "நுரை நிக்குது சாமி! இங்க குளிக்கலாம்" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.